மூட்டையில் ஒரு வருடம், கிண்ணத்தில் ஓர் இரவு

நாமகிரிப்பேட்டையில் என் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு களம் இருக்கிறது. தை மாதத்திலிருந்து பங்குனி வரைக்கும் அந்தக் களத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வேகவைத்த மஞ்சள் கிழங்கைப் பரப்பிக் காயப்போட்டிருப்பார்கள். காய்ந்து மெருகேறிய மஞ்சள், விரலி தனி, உருண்டை தனி, பனங்காளி தனி என்று பிரிந்து சாக்கு மூட்டைகளில் ஏறும். நல்ல விலை வரும்வரை ஏலத்துக்கு அனுப்பாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. போன வருடத்து மூட்டை ஒன்று இன்னும் அக்கா வீட்டுத் திண்ணை அறையில் கிடக்கிறது. பிரித்துப் பார்த்தேன். அதே நிறம், அதே மணம்.

அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் வேறு கதை நடந்தது.

அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்கு நடனம் இருந்தது. ஒரு வாரம் தினமும் முகத்தில் பூச வேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலமே ஃபேஸ் பேக் கலக்கினாள். கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள் தூள், கொஞ்சம் தயிர், தண்ணீர். ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே கிண்ணம். பூசியது போக மீதியைத் தட்டு போட்டு மூடி அலமாரியில் வைத்தாள். ஞாயிறு காலையில் தட்டைத் திறந்தபோது கலவை பொங்கி மேலே வந்திருந்தது. நடுவில் குமிழி. மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை.

“சித்தி, மூட்டையில இருக்கிற மஞ்சள் ஒரு வருசமா கெடல. என்னோட மஞ்சள் மட்டும் ஒரு ராத்திரியில ஏன் கெட்டுப்போச்சு?”

நல்ல கேள்வி. இதற்கான பதிலில் பாதி அவர்கள் வீட்டுக் களத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. அதனால் அவளைக் களத்துக்கே கூட்டிப்போனேன். நீங்களும் வாருங்கள்.

மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பச்சை மஞ்சளில் பெரும்பகுதி தண்ணீர்தான். 100 கிலோ பச்சைக் கிழங்கை வேகவைத்துக் காயவைத்தால் கடைசியில் கையில் நிற்பது ஏறத்தாழ 20 கிலோ. மீதி 80 கிலோவும் காற்றோடு போன நீர். முதலில் கிழங்கை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைப்பார்கள். நுரை பொங்கி, மஞ்சள் மணத்தோடு வெள்ளை ஆவி வந்தால் பதம். வெந்த கிழங்கு இனி முளைக்காது. உள்ளே நிறம் ஒரே சீராகப் பரவும். சீக்கிரமாகவும் காயும். அதற்குப் பிறகு 10 முதல் 15 நாள் வெயில். காய்ந்ததா என்று பார்க்க மிஷின் எதுவும் தேவையில்லை. கிழங்கை எடுத்து ஒடிப்பார்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ‘டக்’கென்று உலோகம் தட்டினாற்போல ஓசையோடு உடைந்தால் மூட்டைக்குத் தயார். அந்த நிலையில் கிழங்கின் எடையில் நூற்றில் பத்துப் பங்கு அளவுக்குத்தான் நீர் இருக்கும்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காய்ந்த மஞ்சளில் கிருமிகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கின்றன. அது மண்ணுக்குள் வளர்ந்தது, களத்தில் காய்ந்தது, எத்தனையோ கைகள் பட்டது. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் கெட்ட காலம் வந்தால் தங்களைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வித்துபோல மாறிவிடும். இதற்கு ஸ்போர் என்று பெயர். கொதிக்கும் நீரில்கூட சில ஸ்போர்கள் தாங்கும். மிளகு, மல்லி, மஞ்சள் போன்ற பொருள்களில் ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கில், சில சமயம் இலட்சக்கணக்கில் கிருமிகள் இருப்பது சாதாரணம். ஆனால் அவை அங்கே தூங்குகின்றன. சாப்பிட, வளர, இரண்டாகப் பிரிய, எல்லாவற்றுக்கும் அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். காய்ந்த மஞ்சளில் அது கிடைப்பதில்லை.

“பத்துப் பங்கு தண்ணி இருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க?” என்று கேட்டாள். அதுவும் சரியான கேள்விதான்.

இருக்கும் தண்ணீரெல்லாம் கிருமிக்கு எட்டும் தண்ணீர் இல்லை. காய்ந்த கிழங்கில் மிச்சமிருக்கும் நீர், மாவுச்சத்தோடும் நாரோடும் ஒட்டிப் பிடிபட்டுக் கிடக்கிறது. கிருமியால் அதை உறிஞ்ச முடியாது. யாரோடும் ஒட்டாமல் சும்மா இருக்கும் தண்ணீர் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். அறிவியலில் இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1 என்று மதிப்பு. சும்மா இருக்கும் நீர் குறையக் குறைய மதிப்பும் 1-லிருந்து இறங்கும். ஆஸ்திரேலியாவில் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் என்ற ஆராய்ச்சியாளர் 1953-ல் ஒரு பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு, எந்த மதிப்பு வரைக்கும் அது வளர்கிறது என்று அளந்து பார்த்தார். அந்த பாக்டீரியாவின் பெயர் ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ். நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சத்தமில்லாமல் குடியிருப்பது. சீழ்க் கட்டிக்கும் பல வேளைகளில் இதுவே காரணம். ஃபேஸ் பேக்குக்குள் விரல் விட்டுக் கலக்கும்போது உள்ளே போகக்கூடியதும் இதேதான்.

ஸ்டெபிலோகாக்கஸ் 0.86 வரைக்கும் சமாளிக்கிறது. மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. பூஞ்சைகள் இன்னும் கெட்டிக்காரர்கள், 0.8-க்குப் பக்கத்திலும் வளரும், சில வகை அதற்குக் கீழேயும் போகும். ஆனால் 0.6-க்குக் கீழே எந்த உயிரும் வளராது. நன்றாகக் காய்ந்த மஞ்சள் இந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. எண்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை. காய்ந்த பொருளில் கிருமி சாவதில்லை, காத்திருக்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

காத்திருக்கும் கிருமிக்குத் தண்ணீர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்தில் சாங்லி என்ற ஊரும் மஞ்சள் வியாபாரத்துக்குப் பேர்போனது. அதன் அருகே ஹரிப்பூரில் நிலத்தைத் தோண்டிக் குழி அமைத்து, அதற்குள் மஞ்சளைக் கொட்டி மூடி வைக்கும் வழக்கம் இருந்தது. வருடக்கணக்கில் கெடாது. 2005-ல் கிருஷ்ணா நதியில் பெருவெள்ளம் வந்தது. குழிகளுக்குள் தண்ணீர் இறங்கி மஞ்சள் பாழானது. வருடக்கணக்கில் நன்றாக இருந்த அதே மஞ்சள்தான். புதிதாகப் போய்ச் சேர்ந்தது வெள்ள நீர் மட்டும்.

அக்கா மகளின் கிண்ணத்தில் நடந்ததும் ஒரு சின்ன வெள்ளம்.

தண்ணீர் ஊற்றிய அந்தக் கணமே கிருமிகள் பெருகத் தொடங்குவதில்லை. தூங்கி எழுந்தவர்கள் கண்ணைக் கசக்குவதுபோல, அவற்றுக்கும் புது இடம் பழகக் கொஞ்ச நேரம் வேண்டும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் ஆட்டம். வெதுவெதுப்பான இடமும் உணவும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். நாம் கொஞ்சம் தாராளமாக, அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் 7 மணிக்குக் கலவை தயார். ஒரு கிராமில் 100 கிருமிகள் இருக்கின்றன, இரண்டு மணி நேரம் சோம்பல் முறிக்கின்றன என்போம். 9 மணிக்கும் அதே 100 தான். அரை மணிக்கு இரட்டிப்பு என்றால் ஒரு மணிக்கு நான்கு மடங்கு. 10 மணிக்கு 400. 11 மணிக்கு 1,600. நள்ளிரவு 12-க்கு 6,400. விடியற்காலை 2 மணிக்கு 1,02,400. அம்மா எழுந்து வாசல் தெளிக்கும் 5 மணிக்கு 65 இலட்சத்தைத் தாண்டிவிடும். ஒரே ஒரு கிராமில்!

உண்மையான கிண்ணத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு ஒழுங்காக ஓடாது. புளிப்பு ஏறினால் வேகம் குறையும், உணவு தீர்ந்தால் நிற்கும். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் சொல்கிறேன். கடையில் விற்கும் முகப்பூச்சுகளுக்கு உலகத் தர அமைப்பு ஒன்று எல்லை வகுத்திருக்கிறது. பெரியவர்கள் தோலில் பூசும் சாதாரணப் பொருளில் ஒரு கிராமுக்கு 1,000 கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொருளிலும் கண்ணைச் சுற்றிப் பூசுவதிலும் 100-க்கு மேல் கூடாது. ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில கிருமிகள் அறவே இருக்கக் கூடாது. நம் கணக்கில் 1,000 என்ற கோட்டை இரவு 11 மணிக்கு முன்பே தாண்டிவிட்டோம். கலந்த கையோடு பூசி, காய்ந்ததும் கழுவியவளுக்கு ஒன்றும் ஆகாததும், மீதியை மறுநாளுக்கு வைத்தபோது கெட்டுப்போனதும் ஏன் என்று இப்போது புரிகிறதா? முதல் இருபது நிமிடத்தில் கிருமிகள் இன்னும் கண்ணே திறக்கவில்லை.

குமிழி எங்கிருந்து வந்தது? அதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இட்லி மாவு பொங்குவது இதே மாதிரிதான். உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாக இருக்கும் பாக்டீரியாக்கள் மாவைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகின்றன. கடலை மாவும் பருப்பு மாவுதானே! தண்ணீர் விட்டு வைத்தால் அதுவும் புளித்துப் பொங்கும். ஒரே வித்தியாசம், இட்லி மாவை நாம் நன்றாகப் புளிக்கவிட்டு, பிறகு ஆவியில் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். ஃபேஸ் பேக்கை யாரும் வேகவைப்பதில்லை. கண்ணுக்கும் உதட்டுக்கும் பக்கத்தில், சில சமயம் கிள்ளிய பருவின் மேலேயே, அப்படியே பூசுகிறோம்.

இந்த இடத்தில் அக்கா மகள் ஒரு மறுப்பு சொன்னாள். “மஞ்சள் கிருமிநாசினின்னு எங்க அறிவியல் புத்தகத்துலயே இருக்கு சித்தி. அது ஏன் காப்பாத்தல?”

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் சோதனைச் சாலையில் பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் குர்குமின் தண்ணீரில் கரைய மறுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு டம்ளரில் தண்ணீரும் இன்னொன்றில் நல்லெண்ணெயும் எடுத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுக் கலக்கி அரை நாள் விடுங்கள். தண்ணீரில் தூள் பெரும்பாலும் அடியில் தங்கிவிடும். எண்ணெய்தான் பொன்னிறமாகும். கிருமிகள் வாழ்வது கலவையின் நீர்ப் பகுதியில். குர்குமின் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. அதோடு, சமையல் மஞ்சள் தூளிலேயே நூற்றில் சில பங்குதான் குர்குமின். கஸ்தூரி மஞ்சளில் அதைவிடவும் குறைவு. அதிலும் நாம் போடுவது ஒரு சிட்டிகை. இந்தக் கணக்கில் மஞ்சளை நம்பி ஒரு கிண்ணம் மாவை விட்டுவைக்க முடியாது. மேலும், மஞ்சள் தூள் தானே ஸ்போர்களைச் சுமந்துகொண்டு வருகிறது என்று முன்பே பார்த்தோம்.

தேனைப் பற்றியும் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. தேன் கெடாது, ஆகவே தேன் கலந்தால் பேக்கும் கெடாது என்பார்கள். தேன் ஏன் கெடுவதில்லை? அதில் அவ்வளவு சர்க்கரை இருக்கிறது. இருக்கும் கொஞ்ச நீரையும் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்கிறது. காய்ந்த மஞ்சளில் மாவுச்சத்து செய்யும் வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது. தேனில் தண்ணீரோ தயிரோ விட்டுவிட்டால் பிடி தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சர்க்கரை ஈஸ்டுகளுக்கு விருந்து. இன்னும் சிலர் வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றுகிறார்கள். அது எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாக்டீரியாவை அது ஒன்றும் செய்யாது.

அப்படியானால் கடையில் விற்கும் குழைவான பேக் மாதக்கணக்கில் எப்படி நிற்கிறது? அதிலும் தண்ணீர் இருக்கிறதே! அங்கேதான் பிரிசர்வேட்டிவ் வருகிறது. சோடியம் பென்சோயேட், ஃபீனாக்ஸி எத்தனால் போன்ற பொருள்களை மிகக் குறைந்த அளவில் சேர்க்கிறார்கள். ஃபீனாக்ஸி எத்தனால் என்றால் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று பல நாடுகளில் வரம்பு உண்டு. சோடியம் பென்சோயேட் கலவை புளிப்பாக இருந்தால்தான் வேலை செய்யும். புளிப்பு போதாவிட்டால் போட்டும் பயனில்லை. கூடினால் தோல் எரியும், குறைந்தால் கிருமி ஜெயிக்கும். அதனால் தொழிற்சாலையில், கலவைக்குள் வேண்டுமென்றே கிருமிகளை விட்டு, அவை வாரக்கணக்கில் எப்படிக் குறைகின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அளவை முடிவு செய்கிறார்கள். நம் சமையலறைத் தராசில் இந்த வேலை ஆகாது. பிரிசர்வேட்டிவ் வாங்கி வீட்டில் கலக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது, அதுவும் மிகப் பழைய வழி.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா மகளின் அம்மாயி, அதாவது என் அம்மா, குளிக்கக் கிளம்பினார். கிணற்றடியில் ஓர் உரசு கல் கிடக்கிறது. நடுவில் குழிந்துபோன கல். அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கிழங்கை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார். அன்றைக்கு வேண்டிய மஞ்சள் வந்துவிட்டது. பூசிக் குளித்தார். கல்லைக் கழுவிச் சாய்த்து வைத்தார். கிழங்கைத் துணியில் துடைத்து வெயில் படும் மாடத்தில் வைத்தார். மீதி என்று எதுவும் இல்லை.

“எத்தனை நாளைக்கு வரும் அம்மாயி இந்தக் கிழங்கு?”

“தேயற வரைக்கும் வரும் கண்ணு. நனைச்சு நனைச்சு மூடி வெச்சா நாலே நாள்ல பூத்துப்போவும்.”

பூத்துப்போவது என்றால் பூசணம் பிடிப்பது. அம்மாயிக்கு நீர்ச் செயல்பாடு என்ற சொல் தெரியாது. ஆனால் காய்ந்தபடி சேமி, வேண்டிய அளவை மட்டும் நனை, நனைத்ததை அப்போதே தீர்த்துவிடு என்ற முறை அவர் கையில் இருக்கிறது. நலங்கு மாவும் இதே முறைதான். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாவற்றையும் தனித்தனியே நொறுங்கும்படி காயவைத்து, மில்லில் அரைத்து வைத்துக்கொள்வார்கள். குளிக்கும்போது உள்ளங்கையில் கொட்டி, உள்ளங்கையிலேயே குழைப்பார்கள்.

மில்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நிறைய வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். அரைத்த மாவு கைசுடும் சூட்டில் வரும். அப்படியே டப்பாவில் கொட்டி மூடினால், மாவிலிருந்து எழும் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீராகும். அது மாவின் மேல் விழும். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மேலே கட்டி கட்டியாக இருக்கும், கட்டியை உடைத்தால் உள்ளே பச்சையோ சாம்பலோ நிறத்தில் பூசணம். டப்பா முழுக்க மாவு காய்ந்துதான் இருக்கிறது, கெட்டது அந்த ஒரு சொட்டு விழுந்த இடத்தில். ஆனால் பூஞ்சை விடும் நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் கட்டியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. மாவை அகலமான தட்டிலோ பேப்பரிலோ பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும். ஈரக் கரண்டியும் ஈரக் கையும் அதற்குள் போகவே கூடாது. குளியலறையில் டப்பாவை வைத்தால், வெந்நீர் ஆவியே போதும்.

இப்போது எது எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முழுக் கிழங்கு, ஈரமில்லாத இடத்தில் ஒரு வருடமும் அதற்கு மேலும் இருக்கும். தூளாக்கிவிட்டால் காற்றிலுள்ள ஈரம் அதன் எல்லாப் பக்கமும் பட வழி கிடைக்கிறது. பருப்பு மாவு கலந்திருந்தால் வண்டும் வரும், மாவிலுள்ள எண்ணெய்ச் சத்தும் காறிப்போகும். ஆகவே நலங்கு மாவு, கடலை மாவுக் கலவை போன்றவற்றை இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்து வைப்பது நல்லது. மழைக்காலத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், பன்னீர், தயிர், பால் எது பட்டாலும் கணக்கு மாதத்திலிருந்து மணிக்கு வந்துவிடுகிறது. வெளியே வைத்த கலவைக்கு இரண்டு மணி நேரம்தான் எல்லை. நம் பக்கம் சித்திரை வெயிலில் சமையலறையே தகிக்கும்போது ஒரு மணி நேரம். சமைத்த உணவுக்கு உணவுப் பாதுகாப்பில் சொல்லும் அதே எல்லைதான் இது. ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் மறுநாள் அதே நேரம் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். குளிரில் கிருமிகள் சாவதில்லை. மெதுவாகப் பெருகுகின்றன, சில வகை குளிரிலும் சளைப்பதில்லை. இடையில் இரண்டு மூன்று மணி நேரம் கரண்ட் போயிருந்தால் அந்த ஒரு நாளும் கிடையாது. ஏற்கெனவே விரல் விட்ட கிண்ணம், முகத்தில் பட்ட பிரஷ் தோய்ந்த கிண்ணம் என்றால் ஃபிரிட்ஜுக்கே போகக் கூடாது. வைக்க வேண்டுமானால் பூசுவதற்கு முன்பே சுத்தமான கரண்டியால் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

தக்காளி, வெள்ளரி, பப்பாளி, சோற்றுக்கற்றாழை போன்ற பச்சைப் பொருள் சேர்ந்தால் அப்போதே பூசி முடித்துவிடுங்கள். இவற்றில் தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கின்றன. கற்றாழையில் வேண்டிய நீளம் மட்டும் மடலை வெட்டினால் போதும், செடியே மீதியைப் பத்திரமாக வைத்திருக்கும். தயிர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமானது. அதன் புளிப்பு கெட்ட பாக்டீரியாக்களைத் தள்ளி நிறுத்தும். ஆனால் ஒரு கரண்டித் தயிரில் நான்கு கரண்டி மாவும் தண்ணீரும் சேர்த்தால் அந்தப் புளிப்பு நீர்த்துப்போகிறது. ஈஸ்டுக்கும் பூஞ்சைக்கும் புளிப்பு ஒரு தடையும் இல்லை.

கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே நீர் பிரிந்து நிற்பது, குமிழி, நிறம் மங்குவது, புளித்த வாடை, நூல்போல இழுபடுவது, வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சுபோல் படர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். ஆனால் இவை எதுவும் இல்லை என்பதால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. வாடையைக் கிளப்பும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் வேறு. ஸ்டெபிலோகாக்கஸ் பல இலட்சம் பெருகிய கலவையிலும் வாடை வராமல் இருக்கலாம். அதனால் இந்த விஷயத்தில் மூக்கைவிடக் கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். பழைய கலவையைப் பூசி முகம் சிவந்தாலோ, அரித்தாலோ, கொப்புளம் வந்தாலோ நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு வீட்டுப் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். கண்ணில் பட்டிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம், பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஜிப் வைத்த மூன்று சின்ன பிளாஸ்டிக் கவர் வேண்டும். மூன்றிலும் நான்கு கரண்டி கடலை மாவும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் போடுங்கள். முதல் கவரை அப்படியே மூடுங்கள். இரண்டாவதில் ஆறு கரண்டி தண்ணீர் விட்டுப் பிசைந்து, காற்றை வெளியே தள்ளி மூடுங்கள். மூன்றாவதிலும் அதே ஆறு கரண்டி தண்ணீர், ஆனால் கூடவே இருபத்துநான்கு கரண்டி சர்க்கரை. அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள்! மூன்றையும் ஒரு தட்டில் வைத்து, அதை வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயில் காலமானால் பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டாவது கவரில் குமிழி தெரியும், கவர் சின்னத் தலையணைபோல உப்பும். முதலாவதில் ஒன்றும் நடக்காது. மூன்றாவதில் இரண்டாவதில் விட்ட அதே அளவு தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் அது அப்படி உப்பாமல் கிடக்கும். தண்ணீர் இருந்தும் கிருமிக்கு எட்டவில்லை. சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. எந்தக் கவரையும் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். மூன்று நாள் பார்த்து, குறிப்பு எழுதிவிட்டு, மூடியபடியே குப்பையில் போட்டுக் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

அக்கா மகள் இதைச் செய்து பார்த்தாள். இரண்டாவது கவர் உப்பிய அன்று காலை, அந்தப் பழைய கிண்ணத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். காய்ந்த கடலை மாவையும் கஸ்தூரி மஞ்சளையும் கலந்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மூடியில் அன்றைய தேதியை எழுதி ஒட்டினாள். ஆண்டு விழா வரைக்கும் தினமும் ஒரு கரண்டிதான் எடுத்தாள், அதை மட்டும்தான் நனைத்தாள். உங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் தேதி எழுதாத டப்பா ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். எப்போது அரைத்தது என்று யாருக்கும் நினைவில்லை என்றால் அதைக் கொட்டிவிடுங்கள்.